சம்பள உயர்வு கேட்டு ஹெச்.ஆருக்கு ஒரு கடிதம்

சம்பளத்தைக் கூட்டித் தரும் அதிகாரம் ஹெச்.ஆரிடம் இருக்கிறது என்ற நினைப்பில்தான் பலரும் கடிதம் எழுத உட்காருகிறார்கள். நடப்பு வேறு. மேனேஜர் பரிந்துரைக்க வேண்டும், பணம் இருக்கிறது என்று ஃபைனான்ஸ் சொல்ல வேண்டும், பிளான்ட் ஹெட்டோ பிசினஸ் ஹெட்டோ கையெழுத்துப் போட வேண்டும். இந்த ஆளுக்குக் கூட்டிக் கொடுத்தால் அதே கிரேடில் இருக்கும் மற்றவர்களோடு கணக்கு இடிக்குமா என்று பார்த்து, ஃபைலை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்த்துவது ஹெச்.ஆரின் வேலை. ஆக, நீங்கள் எழுதும் கடிதத்தை நீங்கள் இல்லாத ஓர் அறையில், உங்கள் முகத்தைக்கூடப் பார்த்திராத ஒருவர் படிக்கப்போகிறார். அவர் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு அந்தத் தாளிலேயே பதில் இருந்தால் அது நகரும். இல்லாவிட்டால், "அப்ரைசல் சமயத்தில் பார்க்கலாம்" என்ற ஒரு வரியோடு திரும்பி வரும்.

பேச்சுக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்வோம். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் நடுத்தர நிறுவனம் ஒன்று. அதன் பர்ச்சேஸ் பிரிவில் சீனியர் எக்ஸிக்யூட்டிவாக இருக்கும் ஒரு பெண். மொத்த அனுபவம் ஆறு வருடம், இந்த நிறுவனத்தில் நான்கு வருடம், சி.டி.சி. 7.20 லட்சம். ஆள் கற்பனை, அவர் போடும் கணக்கு யாரும் போடக்கூடியதுதான்.

அவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, எந்தப் பெட்டியிலிருந்து பணம் கேட்கிறோம் என்பதை. ஓரளவு ஒழுங்கான நிறுவனங்களில் சம்பளம் கூடுவதற்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, வருடாந்திர இன்கிரிமென்ட். எல்லோருக்கும் சேர்த்து ஒதுக்கிய தொகையை ரேட்டிங்கைப் பார்த்துப் பங்கு போடுவது. இரண்டு, பதவி உயர்வு அல்லது கிரேடு மாற்றம். மூன்று, சந்தைத் திருத்தம். ஒருவரின் சம்பளம் வெளிநிலவரத்தைவிடவோ அதே கிரேடில் இருப்பவர்களைவிடவோ ரொம்பவும் பின்தங்கிவிட்டால் சரிசெய்வது. வருடாந்திரப் பெட்டியில் யாருக்குக் கூடக் கொடுத்தாலும் இன்னொருவருக்குக் குறைக்க வேண்டிவரும். அதனால் அங்கே 20 சதவீதம் கேட்டால் எந்த மேனேஜரும் கையை விரிப்பார். அதே 20 சதவீதத்தைச் சந்தைத் திருத்தம் என்றோ பொறுப்பு மாறியதற்கான மறுஆய்வு என்றோ கேட்டால், அது தனி ஒப்புதலுக்குப் போகும் தனி விஷயம். நம் பெண்ணுக்கு இரண்டாவதும் மூன்றாவதும் பொருந்துகின்றன. எனவே கடிதத்தில் 'இன்கிரிமென்ட்' என்ற சொல்லே வரக்கூடாது.

காலமும் இதோடு சேர்ந்தது. ஏப்ரல்–மார்ச் கணக்கில் ஓடும் நிறுவனங்களில் அடுத்த வருடச் சம்பள பட்ஜெட் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் உறுதியாகிவிடும். ஏப்ரல் கடைசியில் இன்கிரிமென்ட் கடிதம் கையில் கிடைத்த பிறகு குறைபட்டால், மேனேஜர் நினைத்தாலும் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. டிசம்பர் கடைசியிலோ ஜனவரி தொடக்கத்திலோ நம் கடிதம் போய்விடுவது நல்லது. அதற்கு முன் மேனேஜரிடம் வாயால் சொல்லிவிட வேண்டும். தனக்குத் தெரியாமல் ஹெச்.ஆருக்குப் போன கடிதத்துக்கு எந்த மேனேஜரும் மனசோடு பரிந்துரை எழுத மாட்டார்.

இனி சாதனைகள். "இறக்குமதிக் கொள்முதலைத் திறம்படக் கையாண்டேன்" என்று எழுதினால் அதற்கு மதிப்பில்லை. எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். அவர் செய்த காரியம் இது. கொரியாவிலிருந்து வரும் ஒரு ஸ்பிரிங், கப்பலில் ஏறி கஸ்டம்ஸ் முடிந்து வந்து சேர ஒரு மாதம் ஆகும். பிளானிங்கில் சற்று ஏமாந்தாலும் லைன் நின்றுவிடும். லைன் நிற்காமலிருக்க விமானத்தில் வரவழைப்பார்கள். 2024 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை இப்படி ஏர் ஃப்ரைட்டுக்கு மட்டும் 24 லட்சம் போனது. இவர் மூன்று மாதத் தேவையை முன்கூட்டியே சப்ளையருக்குக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்து, ஸ்டோரில் கொஞ்சம் கூடுதல் ஸ்டாக்கும் வைத்தார். 2025-இல் அதே ஒன்பது மாதத்துக்கான செலவு 9 லட்சம்.

15 லட்சம் மிச்சம் என்று உடனே எழுதிவிடலாம். ஆனால் ஃபைனான்ஸில் இருப்பவர் இரண்டு கேள்வி கேட்பார். உற்பத்தி குறைந்ததால் செலவு குறைந்ததா? கூடுதல் ஸ்டாக்கில் முடங்கிய பணத்துக்கு வட்டி யார் கணக்கு? இரண்டுக்கும் அவரே பதில் சொல்லிவிட வேண்டும். வாங்கிய ஸ்பிரிங்குகளின் எண்ணிக்கை குறையவில்லை. கூடுதல் ஸ்டாக் 6 லட்சம் ரூபாய்க்கு. அதற்கு ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி வைத்தால் ஒன்பது மாதத்துக்கு 54 ஆயிரம். அதைக் கழித்தால் நிகர மிச்சம் சுமார் 14.5 லட்சம். தன் சாதனையிலிருந்து தானே அரை லட்சத்தைக் கழித்துக் காட்டுகிறவரின் மீதிக் கணக்கை ஃபைனான்ஸ் அவ்வளவாகத் துருவாது. முழு வருடத்தோடு ஒன்பது மாதத்தை ஒப்பிடாமல், அதே மாதங்களை அதே மாதங்களோடு ஒப்பிட்டிருப்பதும் முக்கியம். சாதனைப் பட்டியல்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்கும்.

இதைவிடப் பலமான விஷயம் ஒன்று அவரிடம் இருக்கிறது. அவர் அதைச் சாதனையாகவே நினைத்திருக்க மாட்டார். 2025 ஜூனில் பக்கத்து இருக்கைக்காரர் வேலையை விட்டுப் போனார். அவர் பார்த்துவந்த காஸ்டிங் வென்டர்கள் இவர் தலையில் விழுந்தார்கள். 38 வென்டர்கள் 61 ஆனார்கள். காலியான இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. ஏர் ஃப்ரைட்டைக் குறைத்தது நன்றாக வேலை செய்ததற்குச் சான்று. அது ரேட்டிங்கில் சேரும். வென்டர் எண்ணிக்கை கூடியதோ வேலையே மாறிவிட்டதற்குச் சான்று. கிரேடு மறுஆய்வு கேட்க இதுதான் பிடி.

ஒரு எச்சரிக்கை. "14.5 லட்சம் மிச்சப்படுத்தினேன், அதில் ஒன்றரை லட்சம் கொடுங்கள்" என்ற தொனி எங்கும் தட்டக்கூடாது. மிச்சப்படுத்துவதற்குத்தானே பர்ச்சேஸில் ஆள் வைத்திருக்கிறோம் என்று பதில் வரும். அது நியாயமான பதில்தான். ஏன் உங்களுக்கு என்பதற்குச் சாதனை பதில் சொல்லும். எவ்வளவு என்பதற்குச் சந்தைதான் பதில் சொல்ல வேண்டும்.

சந்தை நிலவரத்துக்கு வருவோம். இங்கேதான் அதிகம் பேர் ஏமாந்துபோகிறார்கள். நம் பெண்ணின் தோழி ஒருவர், அதே வேலை, அதே அனுபவம், சி.டி.சி. 9 லட்சம் என்கிறார். 7.20-க்கும் 9-க்கும் 25 சதவீத வித்தியாசம். கோபம் வருவது இயல்பு. ஆனால் சி.டி.சி. என்பது கைக்கு வரும் பணமல்ல, நிறுவனம் நமக்காகச் செய்யும் மொத்தச் செலவு. முதலாளி பங்குக்குக் கட்டும் பி.எஃப்., அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் என்று ஒதுக்கும் கிராஜுவிட்டி, மருத்துவக் காப்பீட்டு பிரீமியம், இலக்கை எட்டினால் மட்டும் கிடைக்கும் வேரியபிள் பே எல்லாமே அதற்குள் அடக்கம். வேரியபிளின் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். தோழிக்கு அது 20 சதவீதம், அதாவது 1.80 லட்சம். கழித்தால் நிலையான பகுதி 7.20 லட்சம். நம் பெண்ணுக்கு வேரியபிள் 10 சதவீதம், 72 ஆயிரம். நிலையான பகுதி 6.48 லட்சம். உண்மையான இடைவெளி 72 ஆயிரம், 11 சதவீதம்தான். ஆகவே வெளியிலிருந்து எந்த எண் கிடைத்தாலும் வேரியபிளைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

எண்களை எங்கே எடுப்பது? நௌக்ரியிலும் லிங்க்ட்இனிலும் வரும் வேலை அறிவிப்புகளில் பாதிக்குச் சம்பளமே போட்டிருக்காது. போட்டிருப்பதிலும் '8 முதல் 11 லட்சம்' என்றால் 11-ஐப் பிடித்துக்கொள்ளக் கூடாது. மேல் எண் பெரும்பாலும் கூடுதல் அனுபவம் உள்ளவருக்கு. ஆம்பிஷன்பாக்ஸ், கிளாஸ்டோர் போன்ற தளங்களில் இருப்பது ஊழியர்கள் தாங்களே போட்ட எண்கள். அங்கே 'சீனியர் எக்ஸிக்யூட்டிவ் – பர்ச்சேஸ்' என்ற ஒரே பெயரில் இறக்குமதி பார்ப்பவரும் இருப்பார், ஆபீஸ் ஸ்டேஷனரி வாங்குபவரும் இருப்பார். அதை ஒரு குறுக்குச் சரிபார்ப்பாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். நம் பெண் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மறைமலைநகர் வட்டாரத்தில், வாகன உதிரிபாகத் துறையில், ஐந்து முதல் எட்டு வருட அனுபவம் கேட்கும், இறக்குமதி அனுபவமும் தேவைப்படும் அறிவிப்புகளை மட்டும் சேர்த்தார். தேறியவை ஐந்து. ஒவ்வொன்றிலும் நடு எண்ணை எடுத்து, வேரியபிள் சொல்லியிருந்தால் கழித்து, வரிசைப்படுத்தினால் லட்சத்தில் 7.2, 7.8, 8.0, 8.4, 9.6. நடுவில் நிற்பது 8.0. சராசரி எடுத்தால் அந்த ஒற்றை 9.6 அதை மேலே இழுத்துவிடும். அதனால் நடு எண்தான் நாணயமானது.

அவர் 8 கேட்க வேண்டுமா? என் அபிப்பிராயம், வேண்டாம். அந்த எண்கள் புதிதாக ஆள் எடுப்பதற்கானவை. இருக்கிற வேலையை விட்டுவிட்டு வர வைக்க நிறுவனங்கள் கொஞ்சம் கூட்டித்தான் கொடுக்கும். நடு எண்ணுக்குச் சற்றுக் கீழே, நிலையான பகுதி 7.80 லட்சம் என்று கேட்டால், சந்தையை மிஞ்சவில்லை என்று ஹெச்.ஆர். மேலே சொல்ல முடியும். 10 சதவீத வேரியபிளோடு சி.டி.சி. 8.67 லட்சம் ஆகும். நிலையான பகுதியில் 20 சதவீத உயர்வு. ஹெச்.ஆரிடம் ஏயான், மெர்சர் போன்ற ஆலோசனை நிறுவனங்களின் சம்பள ஆய்வுகள் இருக்கக்கூடும். உங்கள் ஐந்து எண் அதை வெல்லப்போவதில்லை. அவர்கள் தங்கள் அட்டவணையை எடுத்துப் பார்க்க வைத்தால் போதும்.

தோழியின் சம்பளம் கடிதத்தில் வராது. பக்கத்து சீட்டுக்காரரின் சம்பளமும் வராது. அது தெரிந்திருப்பதே பல இடங்களில் ஒழுங்கு மீறல். வாடகை, ஸ்கூல் ஃபீஸ், வீட்டுக்கடன் வராது. வேறு இடத்தில் ஆஃபர் இருக்கிறது என்ற மிரட்டல், உண்மையிலேயே போகத் துணிந்தவருக்கு மட்டும், அதுவும் வாயால்.

கடிதம் இப்படி அமையலாம். நிஜத்தில் ஆங்கிலத்தில், மேனேஜருக்கு நகலோடு மெயிலாகப் போகும். நமக்கு அமைப்பு புரிந்தால் போதும்.

பொருள்: பொறுப்பு மாற்றம், சந்தை நிலவரம் அடிப்படையில் ஊதிய மறுஆய்வுக் கோரிக்கை

மதிப்பிற்குரிய மேடம், வணக்கம்.

பர்ச்சேஸ் பிரிவில் சீனியர் எக்ஸிக்யூட்டிவாக நான்கு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். என் நிலையான ஊதியத்தை ஆண்டுக்கு 6.48 லட்சத்திலிருந்து 7.80 லட்சமாக, 2026 ஏப்ரல் 1 முதல், திருத்தி அமைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இது குறித்து என் மேலாளரிடம் பேசியிருக்கிறேன்.

2025 ஜூன் முதல் காஸ்டிங் வென்டர்களையும் நானே கவனித்து வருகிறேன். என் பொறுப்பில் இருந்த வென்டர்கள் 38, இப்போது 61. தற்போதைய பணி விவரத்தில் இது இடம்பெறவில்லை. திருத்திய வரைவை இணைத்திருக்கிறேன்.

இறக்குமதி ஸ்பிரிங்குகளுக்கான விமானச் சரக்குச் செலவு 2024 ஏப்ரல்–டிசம்பரில் 24 லட்சமாக இருந்தது. 2025-இல் அதே காலத்தில் 9 லட்சம். கொள்முதல் எண்ணிக்கை குறையவில்லை. கூடுதல் இருப்புக்கான வட்டிச் செலவு 54 ஆயிரத்தைக் கழித்தால் நிகரச் சேமிப்பு சுமார் 14.5 லட்சம். இந்த எண்களை லாஜிஸ்டிக்ஸ் பிரிவின் மாதாந்திர அறிக்கையில் சரிபார்க்கலாம். பிளானிங் குழுவின் ஒத்துழைப்போடு இதைச் செய்தேன்.

இதே வட்டாரத்தில், இதே துறையில், ஒத்த பொறுப்புகளுக்கான ஐந்து அறிவிப்புகளில் நிலையான ஊதியம் 7.2 முதல் 9.6 லட்சம் வரை உள்ளது. நடு எண் 8.0 லட்சம். விவரம் இணைப்பில். நிறுவனத்திடம் உள்ள ஆய்வுத் தரவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுகிறேன்.

என் கிரேடின் ஊதிய வரம்பில் நான் எங்கு இருக்கிறேன் என்பதை அறிந்துகொள்ளவும் விரும்புகிறேன். நேரில் பேச வசதியான ஒரு நேரம் தாருங்கள்.

நன்றியுடன்.

கேட்கும் தொகை முதல் பத்தியிலேயே வந்துவிட்டதைக் கவனியுங்கள். அதை மேலும் கீழும் மழுப்பி, 'தகுந்த உயர்வு' என்று விட்டால், தகுந்தது எது என்பதை எதிர்ப்பக்கம் தீர்மானித்துவிடும். எண்ணை எங்கே சரிபார்க்கலாம் என்று காட்டியிருக்கிறார், ஹெச்.ஆர். ஒரு போன் போட்டால் போதும். பிளானிங் குழுவைப் பற்றிய அந்த ஒரு வரி பெருந்தன்மைக்காக மட்டும் இல்லை. அதை விட்டிருந்தால், "அதைச் செய்தது நாங்கள்" என்று பிளானிங் மேனேஜர் சொல்லிவிட வாய்ப்பிருக்கிறது. அப்புறம் முழுக் கடிதமும் சந்தேகத்துக்குள்ளாகிவிடும்.

கடைசியில் கேட்ட கிரேடு கேள்விக்கும் காரணம் உண்டு. ஒவ்வொரு கிரேடுக்கும் ஒரு கீழ்வரம்பு, நடுப்புள்ளி, மேல்வரம்பு உண்டு. ஒருவரின் சம்பளம் நடுப்புள்ளியில் எத்தனை சதவீதம் என்று ஹெச்.ஆர். பார்ப்பார்கள். நடுப்புள்ளி 8.5 லட்சம் என்றால் 7.20 வாங்குபவர் 85 சதவீதத்தில் நிற்கிறார். கிரேடுக்குள்ளேயே கூட்ட இடம் இருக்கிறது, சந்தைத் திருத்தம் எளிது. ஒருவர் ஏற்கெனவே 115 சதவீதத்தில் நின்றால் எவ்வளவு நல்ல கடிதமும் முட்டி நிற்கும். அவர் கேட்க வேண்டியது பதவி உயர்வு. பல நிறுவனங்களில் எண்ணைச் சொல்லமாட்டார்கள். "நடுவுக்குக் கீழா, மேலா?" என்று நேரில் கேட்டால் பெரும்பாலும் பதில் வந்துவிடும்.

பதிலிலிருந்து நிலைமையை ஊகிக்கலாம். "பணி விவரத்தை மேனேஜரிடம் கையெழுத்து வாங்கித் தாருங்கள்" என்றால் ஃபைல் திறந்துவிட்டது என்று அர்த்தம். "பட்ஜெட் முடிந்துவிட்டது" என்றால், ஆண்டின் நடுவில் மறுஆய்வு உண்டா, எந்த மாதம் என்று கேட்டு, அந்தப் பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். "நீங்கள் நல்ல சொத்து, கண்டிப்பாகப் பார்ப்போம்" என்று மட்டும் வந்தால் யாரும் இன்னும் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு வாரம் விட்டு மேனேஜரிடம், பரிந்துரை அனுப்பியாகிவிட்டதா என்று கேட்கலாம்.

உயர்வு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கேட்டது 8.67, கொடுத்தது 8.40. சி.டி.சி.யில் 16.7 சதவீதம் கூடியிருக்கிறது; மோசமில்லை. ஆனால் கடிதத்தோடு வரும் பிரிப்பு அட்டவணையைப் பார்த்தால் வேரியபிளை 10-லிருந்து 15 சதவீதமாக்கியிருக்கிறார்கள். அதாவது 1.26 லட்சம் வேரியபிள், நிலையான பகுதி 7.14 லட்சம். 6.48-லிருந்து 7.14-க்கு வந்தது 10 சதவீதம்தான். வேரியபிள் பழைய 10 சதவீதத்திலேயே இருந்திருந்தால் நிலையான பகுதி 7.56 ஆகியிருக்கும். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் அடிப்படைச் சம்பளத்தை ஒட்டியே கணக்காவதால், வேரியபிளில் ஏற்றியது அங்கேயும் ஒன்றும் சேர்க்காது. கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பும் முன், வேரியபிள் விகிதத்தை மட்டும் பழையபடி வைக்க முடியுமா என்று இரண்டு வரி எழுதிக் கேட்கலாம். நிறுவனத்தின் மொத்தச் செலவு அதே 8.40-தான் என்பதால், இந்தக் கோரிக்கைக்குப் புதிதாக பட்ஜெட் தேட வேண்டியதில்லை. எந்தத் தேதியிலிருந்து அமல், ஏப்ரல் முதலான அரியர்ஸ் எந்த மாதச் சம்பளத்தோடு வரும் என்பதையும் அதே மெயிலில் கேட்டுவிட வேண்டும்.